மேலும், மேலும், மேலும்: வரலாற்றுக் கட்டுரையை ஒரே வாதமாகக் கோப்பது எப்படி?

ஈரோட்டில் ஞாயிறுதோறும், தமிழ்வழியில் தேர்வெழுதும் பிள்ளைகளின் வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். பல்லடத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் அண்மையில் கொண்டுவந்த கட்டுரையை வைத்தே இதை எழுதுகிறேன். கேள்வி இது: “1930களில் கோவையில் நூற்பாலைகள் பெருகியதற்கு மின்சாரமே காரணம். ஆராய்க.”

தகவல்களில் குறை இல்லை. 1862இல் கோவையை அடுத்த போத்தனூர் வரை வந்த ரயில் பாதை, 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில், கரிசல் மண், கம்போடியா பருத்தி, 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம், 1932இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரம், எல்லாமே இருந்தன. ஆனாலும் படித்து முடித்தபின் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தாளைப் பத்தி பத்தியாகக் கத்தரித்து, மேசைமேல் கலைத்துப் போட்டு, “பழையபடி அடுக்கு, கண்ணு” என்றேன். எழுதியவராலேயே அடுக்க முடியவில்லை. மூன்றாம் பத்தியை ஆறாவதாக வைத்தார். அப்படி வைத்தும் கட்டுரை கெடவில்லை. நோய் அங்கேதான் இருந்தது.

“எல்லாப் பத்தியிலயும் இணைப்புச்சொல் போட்டிருக்கனுங்களே டீச்சர்?” என்றார்.

போட்டிருந்தார். ஏழு பத்திகளில் நான்கு ‘மேலும்’ என்று தொடங்கின. ஒன்று ‘அதுமட்டுமின்றி’. கடைசிப் பத்தி ‘இவ்வாறாக’. ‘மேலும்’ என்ற சொல் வாசகருக்குத் தரும் வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: இதே வகையில் இன்னொன்று இருக்கிறது. அந்த இன்னொன்று முன்னதைவிடப் பெரியதா, முன்னதன் விளைவா, முன்னதை மறுப்பதா என்று அது சொல்வதில்லை. மளிகைச் சீட்டில் பருப்பு முதலில் வந்தாலும் புளி முதலில் வந்தாலும் சாமான் ஒன்றுதான். பத்திகளை இடம் மாற்ற முடிந்ததற்குக் காரணம் அவர் எழுதியது ஒரு பட்டியல் என்பதே. அதற்கு ‘ஆகவே’, ‘எனினும்’ என்று வேறு சொற்களை ஒட்டினாலும் பட்டியல் பட்டியலாகத்தான் இருக்கும்.

இணைப்புச்சொல்லுக்கு முன்னால் எழுத வேண்டியவை

ஆகவே முதல் வேலையாக, கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “பல காரணங்கள் உள்ளன” என்று எழுதினால் அது பதில் ஆகாது. எந்தக் காரணம் என்ன வேலை செய்தது என்று வாக்கியம் சொல்ல வேண்டும். அந்தத் தம்பியும் நானும் ஒரு மணி நேரம் பேசி, அடித்து அடித்து எழுதி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தோம்:

“மின்சாரம் கோவையின் ஆலைத்தொழிலைத் தோற்றுவிக்கவில்லை, பருத்தியும் நூலுக்கான சந்தையும் முன்பே இருந்த இடத்தில், ஆலைகள் பெருகுவதற்குத் தடையாக இருந்த எரிபொருள் சிக்கலை அது நீக்கியது.”

இந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு மறுப்பு, ஒரு முன்நிலை, ஒரு தடை, ஒரு நீக்கம் எல்லாம் இருப்பதைக் கவனியுங்கள். கட்டுரைக்கு வேண்டிய இணைப்புகள் இங்கிருந்துதான் பிறக்கும்.

இரண்டாவது வேலை, ஒவ்வொரு பத்தியும் சொல்லப்போவதை ஒரு வரியில் எழுதி, இரண்டு வரிகளுக்கு இடையே ஒரு கேள்வியை எழுதுவது. மேல்வரியைப் படித்த ஒருவர், எதிரே உட்கார்ந்திருந்தால், அடுத்து என்ன கேட்பார்? அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கீழ்வரி அமைய வேண்டும். எங்கள் தாளில் அது இப்படி அமைந்தது.

மின்சாரம் வருவதற்கு முன்பே கோவையில் ஆலைகள் இருந்தன: 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில்.

*அப்படியானால் அவை எதை நம்பித் தொடங்கப்பட்டன?*

சுற்றிலும் விளைந்த பருத்தியையும், நூல் வாங்கக் காத்திருந்த கைத்தறிகளையும் நம்பி.

*இரண்டும் இருந்தும் ஆலைகள் ஏன் மெதுவாகவே கூடின?*

நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. பெரும் முதல் போடக்கூடியவர்களுக்கே ஆலை எட்டியது.

*பிறகு எது மாறியது?*

1932இல் பைகாரா மின்சாரம் கம்பி வழியே வந்தது. கொதிகலனும் நிலக்கரிக் கிடங்கும் இல்லாமலேயே ஆலை வைக்க முடிந்தது.

*மின்சாரம் வந்தால் போதுமா? ஆலை கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?*

நிலத்திலும் பருத்தி வணிகத்திலும் சேர்ந்திருந்த பணம், பெருமந்தக் காலத்தில் ஆலைப் பக்கம் திரும்பியது.

*அப்படியென்றால் மின்சாரமா, பணமா, எது முதன்மை?*

இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் முடிவுரை. இடையில் உள்ள கேள்விகளில் ஒன்றைக்கூட எழுத முடியவில்லை என்றால், அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவே உண்மையில் தொடர்பு இல்லை, அல்லது வரிசை தவறு என்று பொருள். ரயில் பாதைக்கு எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கேள்வியும் பொருந்தவில்லை. தம்பிக்கு அதை விட மனமில்லை. படித்து மனப்பாடம் செய்த ஆண்டு அல்லவா. யோசித்துப் பார்த்தால், பருத்தியும் நிலக்கரியும் எப்படி வந்தன என்பதோடுதான் அதற்கு உறவு. தனிப்பத்தியாக இருந்த ரயில், நிலக்கரிப் பத்திக்குள் ஒரு துணைவாக்கியமாகப் போய் உட்கார்ந்தது: “1862இலேயே ரயில் போத்தனூருக்கு வந்துவிட்டிருந்தாலும், நிலக்கரிக்கான செலவு குறையவில்லை.” இப்போது அது வெறும் தகவலாக நிற்காமல் வாதத்துக்கு உழைக்கிறது.

கேள்விகளைக் கட்டுரையில் எழுத வேண்டியதில்லை. ஒன்றிரண்டை மட்டும், திருப்பம் பெரிதாக இருக்கும் இடத்தில், வெளிப்படையாகவே வைக்கலாம். “பருத்தியும் சந்தையும் இருந்தும் ஆலைகள் ஏன் பெருகவில்லை?” என்ற கேள்வி எங்கள் கட்டுரையில் அப்படியே நின்றது. எல்லாப் பத்தியையும் கேள்வியோடு தொடங்கினால் அது வினா-விடைப் புத்தகமாகிவிடும்.

‘எனவே’ ஒன்று, ‘இதனால்’ ஒன்று

கேள்வி தெளிவானால் அதற்குரிய சொல் பெரும்பாலும் தானே வந்துவிடும். இருந்தாலும் சில சொற்களை நம் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று மாற்றாகவே கையாளுகிறார்கள். வரலாற்றுக் கட்டுரையில் மதிப்பெண் கசிவது அங்கேதான் என்பதால், இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

“நிலக்கரி தொலைவிலிருந்து வந்தது. இதனால் ஆலை நடத்தும் செலவு கூடியது.”

“1888இலேயே கோவையில் நூற்பாலை இருந்தது. எனவே ஆலைத்தொழிலின் தொடக்கத்துக்கு மின்சாரம் காரணமாக இருக்க முடியாது.”

முதலாவதில், கடந்தகாலத்தில் ஒரு நிகழ்ச்சி இன்னொன்றை உண்டாக்கியது. இரண்டாவதில் எதுவும் எதையும் உண்டாக்கவில்லை. ஒரு சான்றைப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வருகிறேன். முன்னது வரலாற்றில் நடந்த காரணகாரியம், பின்னது எழுதுபவரின் ஊகித்தறிதல். பேச்சில் ‘எனவே’ இரண்டுக்கும் ஓடும், தவறும் இல்லை. ஆனால் கட்டுரையில் இரண்டையும் பிரித்துக் கையாண்டால் வாசகருக்கு எது நடந்தது, எது உங்கள் வாதம் என்று ஒவ்வொரு வரியிலும் தெரியும். என் பழக்கம் இது: நிகழ்ச்சிக்கு ‘இதனால்’, ‘இதன் விளைவாக’; என் முடிவுக்கு ‘எனவே’, ‘ஆகவே’, ‘இதிலிருந்து தெரிவது’. இலக்கண நூல் விதித்த பாகுபாடு அல்ல இது. ஆனால் ஒரே கட்டுரைக்குள் மாறாமல் கடைப்பிடித்தால் பலன் கண்கூடு.

அடுத்த சிக்கல் ‘அதைத் தொடர்ந்து’. தம்பியின் முதல் படியில் இப்படி ஒரு வரி இருந்தது: “1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின.” பின்னால் நடந்தது என்கிறாரா, அதனால் நடந்தது என்கிறாரா? இந்தச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு நழுவுகிறது. படிப்பவர் ‘அதனால்’ என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் அதற்கான சான்று பத்தியில் இராது. இந்தக் காலப்பகுதியில் அது பெரிய ஆபத்து, ஏனென்றால் எல்லாம் நெருக்கி நெருக்கி நடந்திருக்கிறது. 1929இல் பெருமந்தம். 1930இல் இந்தியத் துணித்தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்புச் சட்டம். 1932இல் மின்சாரம். மூன்றுக்கும் பின்னால்தான் ஆலைகள் பெருகின. ‘பின்னால்’ என்பதை மட்டும் சான்றாக வைத்தால் மூன்றுமே சமமான காரணம் ஆகிவிடும்.

‘இதனால்’ என்று எழுதுவதற்கு முன், எப்படி என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். “மின்சாரம் வந்தது, இதனால் ஆலைகள் பெருகின” என்பதற்கு நடுவே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அதை நிரப்பினால்: “மின்சாரம் வந்தபின் கொதிகலனும் நீராவி இயந்திரமும் நிலக்கரி இருப்பும் தேவைப்படவில்லை, இதனால் முன்பைவிடக் குறைந்த முதலிலேயே ஆலை தொடங்க முடிந்தது, பெருமுதலாளி அல்லாதவர்களும் இத்தொழிலுக்குள் வந்தார்கள்.” இப்போது ‘இதனால்’ என்ற சொல்லுக்குக் காலூன்ற இடம் இருக்கிறது. நடுப்படியை எழுத முடியவில்லை என்றால், ‘அதே காலத்தில்’ என்று மட்டும் எழுதி, தெரிந்த அளவோடு நிறுத்துவது நேர்மை.

எதிர்நிலைச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். ‘எனினும்’, ‘ஆயினும்’ என்பவை முன்வாக்கியத்தை ஒப்புக்கொண்டு மேலே போகின்றன: “பருத்தி இருந்தது; எனினும் ஆலைகள் மெதுவாகவே கூடின.” பருத்தி இருந்தது என்பது இன்னும் உண்மைதான். ‘மாறாக’ அப்படியல்ல. அது முன்னதை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை ஏற்றுகிறது, ஆகவே அதற்கு முன் ஓர் எதிர்மறை வேண்டும்: “மின்சாரம் ஆலைத்தொழிலைத் தோற்றுவிக்கவில்லை, மாறாக, அதன் தடையை நீக்கியது.” “பருத்தி இருந்தது, மாறாக ஆலைகள் கூடவில்லை” என்று எழுதினால் காதுக்கே இடறும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். ‘ஆனால்’ இரண்டு இடத்திலும் ஓரளவு ஓடும். அதனாலேயே எல்லோரும் அதையே போடுகிறார்கள், அதனாலேயே திருப்பம் எத்தனை கூர்மையானது என்று தெரியாமல் போகிறது.

‘மேலும்’ என்ற சொல்லை நான் தடை செய்யவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் இருந்தால் அதுதான் சரியான சொல். ஆலைகள் எதை நம்பித் தொடங்கின என்ற கேள்விக்குப் பருத்தி ஒரு பதில், கைத்தறிச் சந்தை மற்றொன்று. அங்கே ‘மேலும்’ வரலாம். கட்டுரை முழுதும் சேர்த்து அது ஒருமுறை வந்தது.

‘இது’ என்று தொடங்கும் வாக்கியம்

தமிழில் வாக்கியங்களை இணைக்கும் பெரிய கருவி, இணைப்புச்சொற்களைவிடச் சுட்டுச்சொற்கள்தான் என்பது என் எண்ணம். நம் புலவர்கள் அந்தாதி பாடினார்கள். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதல். உரைநடையிலும் முன்வாக்கியத்தின் கடைசிக் கருத்தை அடுத்த வாக்கியம் கையில் பிடித்துக்கொண்டு தொடங்கினால், ‘மேலும்’, ‘எனவே’ எதுவுமே இல்லாமல் பத்தி ஓடும்.

ஆனால் வெறும் ‘இது’ பிடி கொடுக்காது. “பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தது, கடன் கொடுப்பது ஆபத்தானது, நிலத்திலிருந்து வந்த வருமானம் குறைந்தது. இது ஆலைகளுக்கு உதவியது.” எது உதவியது? விலையா, கடனா, வருமானமா? மூன்றும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. ‘இது’ என்பதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைச் சேருங்கள். சேர்க்கும்போதே நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ‘இந்த வீழ்ச்சி’, ‘இந்தத் தேக்கம்’, ‘இந்தப் பணம்’ என ஒவ்வொன்றும் வேறு வாதத்துக்குக் கதவு திறக்கும்.

தம்பி எழுதிய திருத்தத்தை அப்படியே தருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது:

“பெருமந்தம் பருத்தியின் விலையை வீழ்த்தியது. விளைவித்தவருக்கு இழப்பாக இருந்த அதே வீழ்ச்சி, பஞ்சு வாங்கி நூற்பவருக்கு ஆதாயமாக இருந்தது. இந்த ஆதாயத்தை, நிலத்தில் பணம் போடுவதை நிறுத்தியிருந்த வசதியான விவசாயிகளும் பருத்தி வணிகர்களும் கண்டுகொண்டனர்.”

‘அதே வீழ்ச்சி’, ‘இந்த ஆதாயம்’ என்ற இரண்டு பிடிகளே மூன்று வாக்கியங்களையும் கோத்துவிட்டன. இணைப்புச்சொல் என்று எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், ‘அதே’ என்ற சொல் ஒரு புதிரை வைத்து உடனே அவிழ்க்கிறது: விலை வீழ்ந்த காலத்தில் புதிதாகத் தொழில் தொடங்கப் பணம் போட்டவர்கள் ஏன் போட்டார்கள் என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் எழுவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

பத்திகளுக்கு நடுவிலும் இதே உத்தி. நிலக்கரிப் பத்தியின் கடைசி வரி “எரிபொருள் பெருமுதல் கேட்டது” என்று முடிந்தால், அடுத்த பத்தி “இந்தக் கட்டாயத்தைத்தான் பைகாரா தளர்த்தியது” என்று தொடங்கலாம். பத்தி மாறியது தெரியும், நூல் அறுந்தது தெரியாது. எல்லா இடத்திலும் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டாம். ‘பெருமுதல்’ என்றது ‘கட்டாயம்’ என்று மாறியதைப் போல, முன்னதற்கு ஒரு பெயர் சூட்டினால் போதும். அந்தப் பெயரே உங்கள் தீர்ப்பையும் சொல்லிவிடும்.

கைகாட்டிகள்: எத்தனை, எங்கே

இதுவரை சொன்னவை ஒட்டும் சொற்கள். கைகாட்டித் தொடர் என்பது வேறு. கட்டுரை எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று வாசகருக்குச் சொல்வது. தாராபுரம் சாலையில் ஒவ்வொரு நூறடிக்கும் கைகாட்டி வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். பிரிவுப் பாதையில் ஒன்று போதும். நான்கைந்து பக்கக் கட்டுரைக்கு மூன்று இடங்கள்: முன்னுரையின் முடிவு, வாதம் திரும்பும் இடம், முடிவுரையின் தொடக்கம்.

முன்னுரைக் கைகாட்டியில் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது: “இக்கட்டுரையில் முதலில் பருத்தி பற்றியும், அடுத்து மின்சாரம் பற்றியும், இறுதியாக முதலீடு பற்றியும் காண்போம்.” இது பொருளடக்கம். தலைப்புகளைச் சொல்கிறது, அவற்றின் உறவைச் சொல்லவில்லை. அதே இடத்தில் இப்படி: “மின்சாரத்துக்கு முன்பே ஆலைகள் இருந்தன என்பதிலிருந்து தொடங்கி, அவை பெருகாமல் தடுத்தது எது, அந்தத் தடை நீங்கியபோது பணம் போட யார் முன்வந்தனர் என்ற வரிசையில் இக்கூற்றை ஆராயலாம்.” நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதில் ஒவ்வொரு படியும் அடுத்ததைக் கேட்டு வாங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொன்ன சொல்லையே பின்னால் காப்பாற்ற வேண்டும். முன்னுரையில் ‘தடை’ என்றீர்கள் என்றால், பத்தியிலும் ‘தடை’ என்றே வரட்டும். அங்கே போய் ‘சவால்’, ‘இடர்ப்பாடு’ என்று மாற்றினால், வாசகர் புதிதாக ஒன்று வந்துவிட்டது என்று நினைப்பார். ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வருணனைக்குப் பொருந்தலாம். வாதத்தின் முதன்மைச் சொற்களுக்குப் பொருந்தாது.

வாதம் திரும்பும் இடம் எங்கள் கட்டுரையில் ஐந்தாம் பத்தி. அதுவரை மின்சாரத்தின் பக்கம் பேசிவிட்டு, அங்கே அதற்கு வரம்பு கட்டுகிறோம். இப்படித் திரும்பும்போது ஒப்புதலும் மறுப்பும் ஒரே மூச்சில் வர வேண்டும். வினையோடு சேரும் ‘-ஆலும்’ அதற்கென்றே இருப்பது: “மின்சாரம் ஆலை வைப்பதை எளிதாக்கியது என்றாலும், எளிதான எல்லாவற்றிலும் மக்கள் பணம் போட்டுவிடுவதில்லை.” ஒப்புக்கொள்ளும் பகுதி முன்னால், உங்கள் வாதம் பின்னால். தமிழில் வாக்கியத்தின் எடை முற்றுவினையில் விழுவதால், கடைசியில் நிற்பதையே உங்கள் நிலைப்பாடாக வாசகர் எடுத்துக்கொள்வார். தலைகீழாக எழுதிப் பாருங்கள்: “எளிதான எல்லாவற்றிலும் மக்கள் பணம் போடுவதில்லை என்றாலும், மின்சாரம் ஆலை வைப்பதை எளிதாக்கியது.” அதே செய்திகள், நேர் எதிரான கட்டுரை.

எழுதி முடித்தபின் சோதிப்பது

ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். தம்பியின் திருத்திய படியில் அவை இவை:

“மின்சாரம் கோவைக்கு எட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1888இல், அங்கே நூற்பாலை ஓடத் தொடங்கிவிட்டது. இந்தத் தொடக்க ஆலைகளைத் தாங்கியவை இரண்டு: சுற்றுவட்டாரப் பருத்தி, கைத்தறிகளின் நூல் தேவை. பருத்தியும் சந்தையும் இருந்தும் ஆலைகள் ஏன் பெருகவில்லை? எரிபொருள் விதித்த இந்தக் கட்டாயத்தைத்தான் 1932இல் பைகாரா தளர்த்தியது. மின்சாரம் ஆலை வைப்பதை எளிதாக்கியது என்றாலும், எளிதான எல்லாவற்றிலும் மக்கள் பணம் போட்டுவிடுவதில்லை.”

இது தனியாகவே ஒரு சின்னக் கட்டுரைபோல் ஓடுகிறது. ஓடவில்லை என்றால், தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றாதீர்கள். மேலே சொன்ன நடுக்கேள்விக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பத்தி இரண்டு வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது சோதனை எதிர்த்திசையில். எல்லா இணைப்புச்சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். எதை அடித்தும் பொருள் மாறவில்லையோ, அதைத் திரும்ப எழுதாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘எனவே’, ‘ஆனால்’ என்று கட்டிய பத்தி, படிப்பவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போவதுபோல் இருக்கும். எங்கள் கட்டுரையில் இருபத்திரண்டு இருந்தன; ஒன்பதுதான் மிஞ்சின.

குரூப் 1 முதன்மைத் தேர்வுபோல நேரம் நெருக்கும் இடத்தில் இத்தனைக்கும் வழியில்லை. அங்கே, பத்தித் தலைவரிகளையும் நடுக்கேள்விகளையும் விடைத்தாளின் பின்பக்கத்தில் நான்கு நிமிடத்தில் கிறுக்கிக்கொண்டு, பிறகு எழுதத் தொடங்குங்கள். நேரம் முடியும்போது ஒரு பத்தி விட்டுப்போனாலும், எந்தக் கேள்விக்கான பதில் விட்டுப்போனது என்று உங்களுக்குத் தெரியும். அதை முடிவுரையில் ஒரு துணைவாக்கியமாக நுழைத்துவிடலாம்.

முடிவுரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘இவ்வாறாக’ என்று தொடங்கி எல்லாவற்றையும் திரும்பச் சொல்வது இடத்தை வீணாக்குவது. கேள்வியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்: “மின்சாரமே காரணம்.” அந்த ஒற்றை ஏகாரம்தான் முழுக் கேள்வியும். பிரிநிலை ஏகாரம், மற்ற எல்லாவற்றையும் விலக்கி ஒன்றை மட்டும் நிறுத்துவது. ஐந்து பத்திகளில் நீங்கள் செய்தது அந்த ஏகாரத்தைச் சோதித்ததுதான். முடிவுரையின் முதல் வாக்கியம் அதைத் தொட்டே தொடங்கட்டும். தம்பி இப்படி எழுதினார்:

“மின்சாரமே காரணம் என்பது தொடக்கத்துக்குப் பொருந்தாது, பெருக்கத்துக்குப் பாதி பொருந்தும். 1930களில் ஆலைப் பக்கம் திரும்பிய பணம் நிலக்கரியை நம்ப வேண்டியிருந்தால் சில கைகளுக்குள்ளேயே நின்றிருக்கும். அந்தப் பணம் திரும்பாமல் இருந்தால் பைகாராவின் மின்சாரத்துக்கு ஆலைகளில் இத்தனை வேலை இருந்திருக்காது.”

படித்துவிட்டு மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டிக் கலைத்துப் போட்ட ஆறு துண்டுகளையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அந்தக் கட்டுரையைப் பார்த்தேயிராத பெருந்துறைப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் வரிசையாக அடுக்கிவிட்டாள். நான்காம் துண்டில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். அங்கே ‘இந்தக் கட்டாயம்’ என்றது எதைச் சுட்டுகிறது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. தம்பி அந்த இடத்தில் ‘எரிபொருள் விதித்த’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.